பலகாரம் சுட்ட மிச்ச எண்ணெயை சிங்க்கில் ஊற்றலாமா? அடைப்பு வராமல் வாணலியை கழுவுவது எப்படி?

தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், பஜ்ஜி எல்லாம் சுட்டு முடிந்தாச்சு. அடுப்பு மேல் வாணலியில் கறுத்துப்போன எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் நிற்கிறது. அதை மறுபடி சமையலுக்கு எடுக்க மனசு வராது. கீழே கொட்டவும் இடம் தெரியாது. கடைசியில் பல வீடுகளில் நடப்பது இதுதான்: ஆறிய எண்ணெயை சிங்க்கில் சாய்த்துவிட்டு, பின்னாலேயே ஒரு சொம்பு வெந்நீர், கொஞ்சம் பாத்திரம் துலக்கும் சோப்பு. "அதான் போயிடுச்சே" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

எண்ணெய் சிங்க்கை விட்டுத்தான் போயிருக்கிறது. குழாயை விட்டுப் போகவில்லை. அது எங்கே தங்குகிறது, வெந்நீர் ஏன் உதவாது, மிச்ச எண்ணெயை என்ன செய்வது, வாணலியை எப்படிக் கழுவினால் அடைப்பு வராது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

சமையலறை சிங்க்கின் அடியில் இருந்து கிளம்பும் குழாய் பெரும்பாலும் ஒன்றரை அங்குல அகலம்தான் இருக்கும். அதில் போகும் எண்ணெய் தண்ணீரோடு கலக்காமல் குழாயின் உள்சுவரில் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சாதப் பருக்கை, மாவு, டீத்தூள் வந்து ஒட்டும். அதன் மேல் அடுத்த நாள் எண்ணெய். இப்படியே வழி குறுகிக்கொண்டு வரும்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். நெய்யும் வனஸ்பதியும் அப்படித்தான். இவை சிங்க்கில் திரவமாக இறங்கினாலும் தரைக்கு அடியில் குளிர்ச்சியான குழாயில் கட்டியாகும்.

"நாங்க சூரியகாந்தி எண்ணெய்தான் பயன்படுத்துறோம், அது உறையாதே" என்று சிலர் சொல்வதுண்டு. உறையாது, உண்மைதான். ஆனால் அங்கே வேறு ஒரு வேலை நடக்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அது உடைந்து அதில் கொழுப்பு அமிலங்கள் சேர்கின்றன. கழிவுநீரில் கால்சியம் இருக்கும். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் கூடுதலாகவே இருக்கும், சிமென்ட் குழாயில் இருந்தும் வரும். இந்த இரண்டும் சேரும்போது தண்ணீரில் கரையாத ஒருவகை சோப்பு உருவாகிறது. உப்புத்தண்ணீரில் குளித்தால் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படிவு நிற்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. குழாய்க்குள் அது மணல் கலந்த மெழுகு போல இறுகிப்போகும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாக்கடைக் குழாய்களில் எடுத்த கட்டிகளைச் சோதித்து, அவை வெறும் உறைந்த எண்ணெய் இல்லை, இப்படி உருவான கால்சியம் சோப்பு என்று காட்டினார்கள்.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு லண்டன் ஓர் உதாரணம். அங்கே 2017 செப்டம்பரில் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் ஒரே கொழுப்புக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. நீளம் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். எண்ணெயும், மக்கள் கழிவறையில் போட்ட ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்து உருவானது அது. ஆட்கள் பல வாரம் உடைத்துத்தான் அகற்ற முடிந்தது.

வெந்நீரும் சோப்பும் ஊற்றினால் போகாதா?

போகும், கொஞ்ச தூரம் போகும். சோப்பு எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க வைக்கும். வெந்நீர் அதை இளக்கிவிடும். அதனால் உங்கள் சிங்க்கும் அதன் அடியில் இருக்கும் வளைவுக் குழாயும் சுத்தமாகத்தான் தெரியும்.

ஆனால் சில மீட்டர் தாண்டியதும் தண்ணீர் ஆறுகிறது, மற்ற கழிவுநீரோடு கலந்து சோப்பும் நீர்த்துப்போகிறது. துளிகள் மறுபடி ஒன்று சேர்கின்றன. அந்த இடத்தில் படிகிறது எண்ணெய். அதாவது வெந்நீர் அடைப்பைத் தடுப்பதில்லை, அடைப்பு வரும் இடத்தை உங்கள் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா மாடிச் சமையலறைத் தண்ணீரும் ஒரே செங்குத்துக் குழாயில்தான் இறங்கும். அது கீழே வந்து தரைமட்டக் குழாயோடு சேரும் வளைவில்தான் வேகம் குறைந்து படிவு சேரும். மூன்றாவது மாடியில் ஊற்றிய எண்ணெய் அங்கே அடைத்தால், மேல் மாடிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. தரைத்தள வீட்டின் சிங்க் வழியாக அழுக்குத் தண்ணீர் பொங்கி வரும்.

தனி வீடு, செப்டிக் டேங்க் என்றால் கதை வேறு. சமையலறைத் தண்ணீரும் தொட்டிக்குப் போகும் வீடுகளில் எண்ணெய் மேலே மிதந்து ஆடை போல் படியும். அந்த ஆடை தடித்து, வெளியேறும் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போய்விட்டால் மண்ணின் துளைகளை மூடிவிடும். அப்புறம் குழியில் தண்ணீர் இறங்காது. தொட்டி சீக்கிரம் நிரம்பும், லாரியை அடிக்கடி கூப்பிட வேண்டி வரும்.

தெருச் சாக்கடை அடைத்தால் அதை எடுக்க வருவது ஒரு தொழிலாளி. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆட்களை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்குப் பிறகும் தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் விஷவாயு தாக்கி உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. ஒவ்வொரு அடைப்பும் யாரோ ஒருவர் அந்த மூடியைத் திறக்க வேண்டிய ஒரு காரணம்.

சரி, மிச்ச எண்ணெயை என்ன செய்வது?

முதல் வேலை, காத்திருப்பது. பொரித்து முடித்த எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் இருக்கும். ஒரு லிட்டருக்கு மேல் இருந்தால், கனமான வாணலியில் அது ஆற இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் பாட்டில் சுருங்கி உருகி, காலில் கொட்டிவிடும். அவசரத்துக்குத் தண்ணீர் தெளித்து ஆற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயின் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எண்ணெயைத் தூக்கி முகத்தில் அடிக்கும். வாணலியின் வெளிப்புறத்தைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு வந்த பிறகு எடுப்பதுதான் சரி. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அதுவரை அடுப்பின் பின்பக்கம், கைக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்.

ஆறியதும் டீ வடிகட்டி அல்லது பழைய வேட்டித் துணி போட்டு வடிகட்டுங்கள். அடியில் நிற்கும் மாவுத் தூளும் கருகிய துகளும் எண்ணெயோடு போகக் கூடாது. அவை இருந்தால் பாட்டிலிலேயே நாற்றம் எடுக்கும்.

வடித்த எண்ணெயை, அது வந்த அதே கேனிலோ பாட்டிலிலோ ஊற்றி இறுக மூடி, மேலே "பழைய எண்ணெய்" என்று எழுதி ஒட்டுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வெளியூரில் இருந்து வந்த மாமியாரோ, சமையலுக்கு உதவும் அக்காவோ தெரியாமல் அதை எடுத்துத் தாளித்துவிடாமல் இருக்க அதுதான் ஒரே வழி. வெயில் படாத இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். தண்ணீர் கலக்காமல் இருந்தால் சில மாதம் வரை சேர்த்து வைக்கலாம்.

யாரிடம் கொடுப்பது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றுவதுதான் இதன் நோக்கம். எண்ணெயோடு மெத்தனாலும் ஒரு வினையூக்கியும் சேர்த்தால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கும். சோப்பு செய்பவர்களுக்கும் இந்த எண்ணெய் பயன்படும்.

திட்டம் முதன்மையாக ஹோட்டல், பலகாரக் கடை, சிப்ஸ் கம்பெனிகளை மனதில் வைத்து வந்தது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய்க் கணக்கு எழுதி வைக்க வேண்டும். பழையதை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தச் சேகரிப்பாளர்களின் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது.

ஒரு வீட்டின் ஒரு லிட்டருக்காக வண்டி வராது. அதனால் வீடுகளுக்குச் சரிப்படும் வழி, சேர்ந்து கொடுப்பதுதான். குடியிருப்பின் செக்யூரிட்டி அறைப் பக்கத்தில் ஒரு 15 லிட்டர் எண்ணெய் டின் வைத்து, பண்டிகை முடிந்த வாரத்தில் எல்லாரும் அதில் வடிகட்டிய எண்ணெயை ஊற்றலாம். நிறைந்ததும் சங்கத்தின் பெயரில் சேகரிப்பாளரைக் கூப்பிடலாம். தனி வீட்டுக்காரர்கள் தங்கள் தெரு ஹோட்டல் எண்ணெய் கொடுக்கும்போது அதோடு சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "பழைய எண்ணெய் வாங்குறோம்" என்று யாராவது வாசலில் கேட்டால், எங்கே போகிறது என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். பழைய எண்ணெய் மறுபடி சாப்பாட்டுக் கடைக்குள் வந்துவிடுகிறது என்பதுதான் இந்தத் திட்டம் வந்ததற்கே முக்கியக் காரணம். பலமுறை சுட்ட எண்ணெயில் உருவாகும் கெடுதலான சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. வீட்டில் அதை அளக்க முடியாது. ஆனால் நிறம் கறுத்துப் பிசுபிசுவென்று ஆகியிருந்தால், சூடாக்கும்போது நுரை அடங்காமல் நின்றால், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால், அந்த எண்ணெயின் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

"கொஞ்சம்தான் இருக்கு" என்றால்?

அரை டம்ளருக்கும் குறைவாக இருந்தால் பாட்டில் தேவையில்லை. ஒரு பழைய பால் கவரிலோ, டப்பாவிலோ கிழித்த செய்தித்தாள், மரத்தூள் அல்லது அடுப்புச் சாம்பலைப் போட்டு அதில் ஆறிய எண்ணெயை ஊற்றுங்கள். கவிழ்த்தால் சொட்டாத அளவுக்கு ஊறியதும் இறுகக் கட்டிக் குப்பையில் போடலாம். எந்தக் கூடையில் என்பதை உங்கள் பகுதித் தூய்மைப் பணியாளரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஊறிய துணியையும் தாளையும் குவியலாக வெயிலிலோ அடுப்புப் பக்கமோ போட்டு வைக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போகாமல் தானாகவே தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

செடிக்கு ஊற்றுவதும் தீர்வு இல்லை. எண்ணெய் மண்ணை மூடி, தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகாமல் தடுக்கும். எறும்பும் எலியும் வரும். தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோ கடலுக்கோதான் போகும்.

வாணலியை எப்படிக் கழுவுவது?

எண்ணெயைப் பத்திரமாகப் பாட்டிலில் ஊற்றிய பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெரிய வாணலியில் எண்ணெயை வடித்த பிறகும் சுவரிலும் அடியிலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும். சுமார் 40 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். ஜல்லிக்கரண்டி, முறுக்கு அச்சு, எண்ணெய் வடித்த தட்டு எல்லாவற்றையும் சேர்த்தால் 60 மில்லி ஆகும். 12 வீடுகள் இருக்கும் குடியிருப்பில் எல்லாரும் அப்படியே சிங்க்கில் போட்டுக் கழுவினால் ஒரே நாளில் 720 மில்லி, கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் எண்ணெய் ஒரே குழாயில் இறங்கும். ஒருவர்கூட எண்ணெயை "ஊற்றவில்லை" என்றாலும்.

ஆகவே கழுவுவதற்கு முன் துடைப்பதுதான் முக்கியமான வேலை. அதை இப்படிச் செய்யலாம்.

எண்ணெயை வடித்ததும் வாணலியைச் சாய்த்து ஐந்து நிமிடம் வையுங்கள். சுவரில் இருப்பது ஒரு பக்கமாக வழிந்து சேரும். அதையும் பாட்டிலில் ஊற்றுங்கள்.

அடுத்து அடியில் ஒட்டியிருக்கும் மாவுக் கசடை தோசைத்திருப்பியால் சுரண்டிக் குப்பையில் போடுங்கள். இதைக் குழாய்க்குள் விட்டால் எண்ணெயோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும்.

இப்போது இரண்டு மூன்று கைப்பிடி செய்தித்தாளைக் கசக்கி, வாணலியின் உட்புறத்தை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பிசுக்கு நிறைய இருந்தால், சலித்து மீந்த கடலை மாவு, அரிசி மாவு அல்லது சாம்பல் இரண்டு ஸ்பூன் தூவித் தேய்த்தால் அது எண்ணெயை இழுத்துக்கொண்டு உருண்டை உருண்டையாக வரும். அந்த மாவையும் குப்பையில்தான் போட வேண்டும். கரண்டி, அச்சு, தட்டுக்கும் இதே முறைதான். விரலால் தடவினால் வழவழப்பு இருக்கலாம், ஆனால் எண்ணெய் துளியாகச் சேர்ந்து வழியக் கூடாது. அதுவரை துடைத்தால் போதும்.

அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் வழக்கமான சோப்பில் பாதியும் போதும். எண்ணெய் பெரும்பகுதி போய்விட்டதால் நுரை உடனே வரும். சோப்பு போட்டும் நுரை வராமல் செத்துப்போனால், இன்னும் துடைக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். சிங்க் துளையில் வலை போட்டுக் கழுவுங்கள்.

விளிம்பில் பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி ஒட்டியிருப்பது சாதாரண எண்ணெய் இல்லை. சூட்டில் இறுகிப்போன எண்ணெய் அது. அது எவர்சில்வர் வாணலியில் என்றால், சமையல் சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் இளகும். அலுமினிய வாணலியில் சோடா வேண்டாம், பாத்திரம் கறுத்துவிடும். அதற்குப் புளியோ எலுமிச்சையோ போதும். இரும்புச் சட்டியை ஊற வைக்கவே கூடாது. துடைத்து, தேங்காய் நாரால் சீக்கிரம் தேய்த்து அலசி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். நான்ஸ்டிக்கில் கம்பி நார் படக் கூடாது.

ஏற்கெனவே அடைக்க ஆரம்பித்துவிட்டால்?

அடைப்பு திடீரென்று வருவதில்லை. சிங்க்கில் தண்ணீர் சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்கும். இறங்கும்போது "களக் களக்" என்று சத்தம் வரும். பின்பு ஊசிப்போன எண்ணெய் வாசனை வரும். இந்தக் கட்டத்திலேயே கவனித்தால் வேலை சுலபம்.

சிங்க்கின் அடியில் இருக்கும் வளைவுக் குழாயின் கீழ் ஒரு பக்கெட்டை வைத்து, மூடியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மாட்டுங்கள். அங்கே சுத்தமாக இருந்தும் தண்ணீர் நின்றால் அடைப்பு இன்னும் தள்ளி இருக்கிறது. பிளம்பர் கம்பிச் சுருளை விட்டுத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டிலும் அதே பிரச்சினை என்றால் பொதுக்குழாயில் அடைப்பு. சங்கத்திடம் சொல்லி சேம்பரைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

கடையில் கிடைக்கும் காஸ்டிக் சோடாவைக் கொட்டுவது பலரின் முதல் யோசனை. அது தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். கண்ணிலோ கையிலோ தெறித்தால் புண்ணாக்கிவிடும். முழுதாக அடைத்த குழாயில் தண்ணீர் நகராததால் அது அங்கேயே நின்று கல்லாக இறுகிவிடவும் செய்யும். அதன் பிறகு குழாயைத் திறக்க வரும் பிளம்பரின் கைமேல்தான் அது கொட்டும். ஏற்கெனவே போட்டிருந்தால், வேலையைத் தொடங்கும் முன் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதன் மேலேயே ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ போடவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் வரும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

மொத்தத்தில் கூடுதலாக ஆகும் நேரம் பத்து நிமிடம், செலவு ஒரு பழைய செய்தித்தாள். அடுத்த முறை பஜ்ஜி சுட்டு முடித்ததும் சிங்க் குழாயைத் திறப்பதற்கு முன் அந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.